சோதனைக் காலத்தை நீட்டிக் கேட்பது எப்படி: ஒரு கடைக் கணக்கை முன்வைத்து

கடைக்கோ சிறு தொழிலுக்கோ புதிதாகக் கணக்கு மென்பொருள் வாங்க நினைப்பவர்கள் முதலில் எடுப்பது இலவச சோதனைக் காலம். பெரும்பாலும் 14 நாட்கள் தருவார்கள், சிலர் 7, சிலர் 30. பதிவு செய்த நிமிடமே நாள் எண்ணத் தொடங்கிவிடும். ஆனால் கடையில் அன்றைக்கே எவரும் அதைத் தொடமாட்டார்கள். சரக்குப் பட்டியலை ஏற்ற நான்கு நாள், பில் போடுகிறவருக்குக் கற்றுக்கொடுக்க மூன்று நாள், நடுவில் ஒரு ஞாயிறு என்று போய், மென்பொருள் நமக்கு ஒத்துவருமா என்று தெரியத் தொடங்கும்போது திரையில் 'உங்கள் சோதனைக் காலம் முடிய 3 நாட்கள்' என்று வந்து நிற்கும்.

அப்போது பலர் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் வேறொரு மின்னஞ்சல் முகவரியில் புதிய கணக்கைத் திறந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கேட்டால் நீட்டித் தருவார்கள் என்பது இரு தரப்புக்கும் தோன்றுவதில்லை. சிறு கடைகளுக்கு மாதக் கணக்கு எழுதித் தருவது என் வேலை. மென்பொருள் மாற்றும் கடைகளுக்காக இந்தக் கடிதத்தைப் பலமுறை எழுதியிருக்கிறேன். காரணமும் தேதியும் தெளிவாக இருந்த கடிதத்துக்கு மறுப்பு வந்தது மிகக் குறைவு. கோவையில் பம்ப் உதிரிபாகம் விற்கும் ஒரு கடைக்காக எழுதியதை இங்கே முழுதாகச் சொல்கிறேன். நீங்கள் வாங்கப்போவது கணக்கு மென்பொருளாக இல்லாவிட்டாலும் இதே முறையில் கேட்கலாம்.

எந்த நாளுக்காகக் கேட்கிறீர்கள்?

'இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும்' என்பது காரணம் ஆகாது. மென்பொருள் உண்மையில் சோதிக்கப்படும் நாள் ஒன்று ஒவ்வொரு தொழிலிலும் உண்டு. சம்பள மென்பொருள் என்றால் அது சம்பளம் போடும் நாள். பள்ளிக் கட்டண மென்பொருளுக்குக் கட்டணம் வசூலாகும் வாரம். அந்த நாள் சோதனைக் காலத்துக்குள் விழவில்லை என்றால், அதுவே நீங்கள் சொல்ல வேண்டிய காரணம்.

மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைக்கு அப்படிப்பட்ட நாட்கள் மூன்று. முந்தைய மாத விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1ஐ 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நமக்குச் சரக்கு கொடுத்தவர்கள் காட்டிய பில்களின் பட்டியல், அதாவது ஜிஎஸ்டிஆர்-2பி, 14ஆம் தேதி தளத்தில் உருவாகும். வரியைக் கட்டி ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள் 20. இந்த மூன்றையும் தாண்டினால்தான் மென்பொருள் தேறியதா என்று சொல்ல முடியும்.

நான் சொல்லும் கடையில் ஜூலை 24 அன்று பதிவு செய்தார்கள். 14 நாள் கணக்கில் ஆகஸ்ட் 7 அன்று முடிந்துவிடும். மூன்று நாட்களில் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. ஆகஸ்ட் 8 அன்று பதிவு செய்திருந்தால் 11, 14, 20 மூன்றுமே அதே 14 நாளுக்குள் அடங்கியிருக்கும், கடிதமே தேவைப்பட்டிருக்காது. ஆகவே இன்னும் பதிவு செய்யாதவர்கள் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். சரக்குப் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் சரிசெய்து வைத்துக்கொண்டு, பிறகு பதிவு பொத்தானை அழுத்துங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் கடைகள் இந்தக் காரணத்தைச் சொல்லி மூன்று மாத நீட்டிப்பு கேட்கக் கூடாது, கிடைக்காது. முடிந்துபோன காலாண்டில் ஒரு மாதத்துப் பில்களை ஏற்றி ஒப்பிட்டுப் பார்க்க எத்தனை நாள் ஆகுமோ, அதை மட்டும் கேளுங்கள்.

நாட்கள் எங்கே போயின?

அடுத்து, கிடைத்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்று உங்களுக்கே ஒரு கணக்கு வேண்டும். நீட்டிப்பைத் தீர்மானிக்கும் விற்பனைப் பிரிவுக்காரர் உங்கள் கணக்கில் எத்தனை முறை உள்நுழைந்தீர்கள், எத்தனை பில் போட்டீர்கள் என்பதைப் பெரும்பாலும் தன் திரையிலேயே பார்த்துவிட முடியும். ஒன்றுமே செய்யாமல் 'தீவிரமாகப் பரிசீலிக்கிறோம்' என்று எழுதினால் அது அங்கேயே தெரிந்துவிடும்.

இந்தக் கடையில் முதல் ஐந்து நாட்கள் பார்கோட்டில் போயின. பழைய மென்பொருளிலிருந்து எடுத்த சரக்குப் பட்டியலில் சுமார் 1,800 உருப்படிகள், ஒவ்வொன்றுக்கும் 13 இலக்கப் பார்கோடு. அதை எக்ஸெலில் திறந்தால், பத்தியில் 890 என்று தொடங்கும் எண்ணுக்குப் பதிலாக 8.90E+12 என்று தெரிந்தது. எண் நீளமாக இருந்தால் எக்ஸெல் இப்படிச் சுருக்கிக் காட்டும். கடைப் பையன் அதைக் கவனிக்காமல் அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்துவிட்டான். கோப்பில் போய் உட்கார்ந்தது சுருக்கிய எண்தான். நூற்றுக்கணக்கான உருப்படிகளுக்கு ஒரே பார்கோடு ஆகிவிட, புதிய மென்பொருள் 'ஏற்கெனவே உள்ள எண்' என்று ஒவ்வொரு வரியாகத் திருப்பி அனுப்பியது. உதவி மையத்துக்கு 25ஆம் தேதி எழுதினோம், 28 அன்று பதில் வந்தது. பழைய பட்டியலை மறுபடி எடுத்து, பார்கோடு பத்தியை 'உரை' என்று குறித்துத் திறந்து சேமித்ததும் 29 அன்று எல்லாம் ஏறிவிட்டன.

கடிதத்தில் இதை மூன்றே வரியில் சொன்னால் போதும். தவறு பாதி நம்முடையது, தாமதம் பாதி அவர்களுடையது. உதவி மையம் எடுத்துக்கொண்ட மூன்று நாட்களைக் குற்றமாகச் சொல்லாமல், புகார் எண்ணையும் இரண்டு தேதிகளையும் மட்டும் எழுதினேன். படிப்பவர் தானே கூட்டிப் பார்த்துக்கொள்வார். நீட்டிப்புக்கு அவர்கள் பக்கத்துத் தாமதத்தைவிட வலுவான காரணம் கிடையாது. ஆகவே சோதனைக் காலத்தில் எந்தச் சிக்கல் வந்தாலும் தொலைபேசியில் மட்டும் பேசிவிட்டு விடாமல், உதவி மையத்தில் எழுத்தில் பதிந்து எண் வாங்கிவைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முடிவு தேதி

கடிதத்தின் எடை முழுவதும் இதில்தான் இருக்கிறது. விற்பனைப் பிரிவுக்காரர் தன் பட்டியலில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எதிரே 'எப்போது முடியும்' என்று ஒரு தேதி போட்டுவைக்க வேண்டியிருக்கிறது. அது நகர்ந்துகொண்டே போனால் அவருக்கு மேலே இருப்பவர் கேட்பார். நாம் தேதியைத் தந்துவிட்டால், தன் மேலாளரிடம் நீட்டிப்புக்கு அனுமதி கேட்க அவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது.

தேதி உறுதியானது என்றால் நான்கு விஷயங்கள் அதில் இருக்க வேண்டும்: எந்த நாள், எத்தனை மணிக்குள், யார் முடிவு செய்கிறார், எதைப் பார்த்து முடிவு செய்கிறார். 'மாத இறுதியில் சொல்கிறோம்' என்பதில் இந்த நான்கில் ஒன்றும் இல்லை. முடிவெடுப்பவர் அந்த நாளில் ஊரில் இருப்பாரா என்று அவரிடமே கேட்டுவிட்டு எழுதுங்கள். எங்கள் கடையில் உரிமையாளருக்கு ஒரு பங்குதாரர் உண்டு. அவர் திருப்பூரிலிருந்து திங்கட்கிழமைகளில்தான் வருவார். 20ஆம் தேதி வியாழன். அதற்கடுத்த திங்கள் 24. ஆகவே 24ஆம் தேதி மாலை 4 மணி என்று குறித்தோம்.

இன்னொன்று. முடிவு தேதி, நீட்டிய காலம் முடிவதற்குள் வர வேண்டும். காலம் முடிந்த மறுநாள் முடிவு சொல்கிறேன் என்று எழுதினால், முடிவு எடுக்கும் நேரத்தில் கணக்கு பூட்டியிருக்கும். 'வேண்டாம்' என்று முடிவானால் தரவை வெளியே எடுக்க வழி இருக்காது. இரண்டு நாள் இடைவெளி விட்டு 26 வரை கேட்டோம்.

வாங்கிவிடுவோம் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். முடிவு சொல்வோம் என்பது போதும். நல்லெண்ணத்தில் 'கண்டிப்பாக எடுத்துக்கொள்கிறோம், கொஞ்சம் நாள் கொடுங்கள்' என்று ஒரு கடைக்காரர் எழுதப்போய், மறுநாளே ஆண்டுச் சந்தாவுக்கான பில் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒத்துவரவில்லை என்று சொல்ல அவருக்கே கூச்சமாகிவிட்டது.

கடிதம்

காலம் முடிய நான்கு, ஐந்து வேலை நாட்கள் இருக்கும்போது அனுப்புங்கள். கடைசி நாள் இரவில் அனுப்பினால், அதை ஒருவர் படிப்பதற்குள் கணக்கு பூட்டிவிடும். பதிவு செய்த அதே மின்னஞ்சல் முகவரியிலிருந்து, வரவேற்பு மின்னஞ்சலுக்கோ உங்களோடு பேசிய விற்பனையாளரின் மின்னஞ்சலுக்கோ பதிலாக அனுப்புவது நல்லது. உதவி மையத்துக்கு அனுப்பினால் அவர்கள் விற்பனைப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், அதில் ஒரு நாள் போகும். எங்கள் கடிதம் ஆகஸ்ட் 3, திங்கள் காலையில் போனது. நிறுவனம் தமிழில் பதில் தரும் நிறுவனம் என்பதால் தமிழிலேயே எழுதினோம். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசை போதும்.

> பொருள்: சோதனைக் காலத்தை ஆகஸ்ட் 26 வரை நீட்டிக்கக் கோரிக்கை – முடிவு ஆகஸ்ட் 24
>
> வணக்கம்.
>
> எங்கள் கடையின் சோதனைக் கணக்கு ஜூலை 24 அன்று தொடங்கியது, ஆகஸ்ட் 7 அன்று முடிகிறது. அதை ஆகஸ்ட் 26 வரை நீட்டித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.
>
> இதுவரை 1,800 சரக்குகளையும் ஆரம்ப இருப்பையும் ஏற்றிவிட்டோம். ஜூலை 29 முதல் அன்றன்றைய பில்களை உங்கள் மென்பொருளிலும் போட்டுவருகிறோம். ஜூலையின் முந்தைய பில்களை மாலை நேரத்தில் பதிந்துகொண்டிருக்கிறோம்.
>
> சரக்குப் பட்டியலை ஏற்றுவதில் பார்கோடு சிக்கல் ஏற்பட்டது. ஜூலை 25 அன்று உதவி மையத்தில் பதிந்தோம், புகார் எண் ______. 28 அன்று தீர்வு கிடைத்தது. அதனால் உண்மையான பயன்பாடு 29 அன்றுதான் தொடங்கியது.
>
> நாங்கள் பார்க்க வேண்டியவை மூன்று. ஜூலை மாத ஜிஎஸ்டிஆர்-1இன் வரித்தொகை பழைய மென்பொருளோடு ஒத்துப்போகிறதா (ஆகஸ்ட் 11). 14 அன்று வரும் ஜிஎஸ்டிஆர்-2பி எங்கள் கொள்முதல் பில்களோடு பொருந்துகிறதா. 3பி தாக்கலை 20ஆம் தேதிக்குள் இதிலிருந்தே முடிக்க முடிகிறதா. மூன்றும் இப்போதைய காலத்துக்குப் பிறகே வருகின்றன.
>
> உரிமையாளரும் பங்குதாரரும் ஆகஸ்ட் 24, திங்கள் மாலை 4 மணிக்குள் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்து, எதுவானாலும் இதே மின்னஞ்சலில் தெரிவிப்போம். மூன்று பேர் பயன்படுத்தும் ஆண்டுத் திட்டத்தைப் பரிசீலிக்கிறோம். மறுபடி நீட்டிப்புக் கேட்கமாட்டோம்.
>
> ஆகஸ்ட் 5 மாலைக்குள் பதில் தந்தால் வேலையை நிறுத்தாமல் தொடர உதவியாக இருக்கும்.

இதற்கு மேல் நீட்ட வேண்டாம். கடையின் வரலாறு, மென்பொருளைப் பற்றிய பாராட்டு, போட்டி நிறுவனத்தின் விலை எதுவும் தேவையில்லை. 'எத்தனை பேர், எந்தத் திட்டம்' என்ற வரி முக்கியம். கேட்கும் நாட்களுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று மேலாளர் பார்ப்பது அதில்தான். 'மறுபடி கேட்கமாட்டோம்' என்ற வரியை, அதைக் காப்பாற்ற முடியும் என்றால் மட்டும் எழுதுங்கள்.

பதில் வந்த பிறகு

மறுநாள் விற்பனையாளர் கூப்பிட்டார். முதலில் கேட்டது நல்ல கேள்வி: "ஜூன் மாதத் தாக்கல் ஏற்கெனவே முடிந்திருக்கிறதே மேடம், அந்தப் பில்களை ஏற்றி இந்த வாரமே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாமே?" பார்க்கலாம்தான். ஆனால் பழைய பில்களை நான் உட்கார்ந்து பதிந்தால் மென்பொருளைச் சோதித்ததாகும், கடையைச் சோதித்ததாகாது. வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது பில் போடும் பையன் தடுமாறுகிறானா, சரக்கு கொடுத்தவர் பில்லைக் காட்டாமல் விட்டால் மென்பொருள் அதை எடுத்துச் சொல்கிறதா என்பதெல்லாம் நடப்பு மாதத்தில்தான் தெரியும். அதைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும், பதிலை யோசித்துவைத்திருங்கள். யோசித்தும் பதில் இல்லையென்றால், உங்களுக்கு நீட்டிப்பு தேவையில்லை என்றுதான் பொருள்.

பிறகு, இந்த வாரமே பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். இப்படி வரும்போது மறுக்கவும் வேண்டாம், ஏற்கவும் வேண்டாம். "அந்த விலை எங்கள் முடிவு தேதி வரை செல்லுமா? எழுத்தில் அனுப்ப முடியுமா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் அனுப்பினார்.

நீட்டிப்பு கிடைத்தது, ஆனால் கேட்ட 19 நாட்கள் அல்ல. 'ஒரு கணக்குக்கு ஒருமுறை 14 நாள்தான் என்னால் தர முடியும், ஆகஸ்ட் 21 வரை' என்று எழுதினார். கீழ்நிலையில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு வரம்பு இருப்பது வழக்கம், அதற்கு மேல் வேண்டுமானால் மேலாளரிடம் போக வேண்டும். போவதா என்று யோசித்தோம். நமக்கு வேண்டிய கடைசி நாள் 20, அது உள்ளே வந்துவிட்டது. குறுக்கே நின்றது பங்குதாரர் திங்களன்று வருவது மட்டும்தான். அவர் தொலைபேசியிலேயே முடிவு சொல்ல ஒப்புக்கொண்டதால், 14 நாளை ஏற்று, முடிவு தேதியை 21, வெள்ளி நண்பகல் 12 மணிக்கு முன்னால் கொண்டுவந்து அன்றே பதில் எழுதினோம். குறைத்துக் கொடுத்தால் தேதியையும் சேர்த்து மாற்றி எழுதிவிடுங்கள். பழைய தேதி அவர் பட்டியலில் அப்படியே கிடந்தால் பிறகு குழப்பம் வரும்.

அந்தப் பதிலிலேயே இரண்டு கேள்விகள் கேட்டோம். இவற்றை எவரும் விடக் கூடாது.

ஒன்று, '21 வரை' என்றால் எந்த நேரம் வரை? 21 தொடங்கும்போதா, முடியும்போதா? வெளிநாட்டு நிறுவனங்களில் பலவும் உலகப் பொது நேரத்தில் எண்ணுகின்றன. அங்கே நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5.30. 21 பிறந்ததும் பூட்டும் கணக்காக இருந்தால், நண்பகலுக்குக் குறித்த எங்கள் முடிவுக்கு ஆறரை மணி நேரம் முன்பே எல்லாம் மூடியிருக்கும். 21 இரவு 11.59, இந்திய நேரம் என்று பதில் வந்தது.

இரண்டு, பணம் எடுக்கும் தேதியும் நகர்ந்துவிட்டதா? பதிவு செய்யும்போதே அட்டை விவரம் வாங்கிக்கொள்ளும் மென்பொருள்களில் சோதனைக் காலம் ஓர் இடத்திலும், தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு இன்னோர் இடத்திலும் இருக்கும். விற்பனையாளர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடக்கூடும். நம் வங்கி அட்டைகளில் இப்படித் தொடர்ந்து பணம் எடுக்க, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே எடுத்துவிட முடியும் என்பதால் அந்தக் குறுஞ்செய்தியைத் தவறவிடாதீர்கள். பழைய முடிவு நாளை ஒட்டி அது வந்தால், தேதி நகரவில்லை என்று அறிந்துகொண்டு உடனே எழுதுங்கள். நீட்டிப்பு கிடைத்த அன்றே கணக்கின் 'சந்தா' பக்கத்தைத் திறந்து, அங்கே தெரியும் தேதியைப் படமெடுத்துவைப்பதும் நல்லது.

மறுப்பு வந்தால் ஒருமுறை மட்டும் குறைத்துக் கேளுங்கள்: 'பில் போடும் வசதி வேண்டாம், 20ஆம் தேதி வரை அறிக்கைகளை மட்டும் பார்க்க அனுமதித்தால் போதும்' என்று. அதுவும் இல்லையென்றால் ஒரு மாதச் சந்தா கட்டிப் பார்ப்பதே நேரான வழி. வேறு மின்னஞ்சலில் புதுக் கணக்கு திறக்க வேண்டாம். ஏற்றிய 1,800 சரக்கையும் மறுபடி ஏற்ற வேண்டும், பல நிறுவனங்களின் விதிமுறையில் அதற்குத் தடையும் உண்டு, இத்தனை நாள் பேசியவரிடம் இருந்த மதிப்பும் போய்விடும்.

முடிவு நாள்

எங்கள் கடையில் ஜிஎஸ்டிஆர்-1 ஒத்துப்போனது. 2பியில் இரண்டு கொள்முதல் பில்கள் வரவில்லை என்பதை மென்பொருள் சரியாகக் காட்டியது. 20 அன்று 3பியும் முடிந்தது. 21 காலை 11 மணிக்கு இரண்டு பேருக்கான ஆண்டுத் திட்டம் என்று எழுதினோம். மூன்று என்று முதலில் சொல்லியிருந்தாலும், மூன்றாமவர் ஒருமுறைகூட உள்நுழையவில்லை என்பது சோதனையில் தெரிந்துவிட்டது. விற்பனையாளர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

'வேண்டாம்' என்பது உங்கள் முடிவானாலும் அதே நேரத்துக்குள் எழுதுங்கள். எந்தச் சோதனையில் தேறவில்லை என்று ஒரு வரி போதும். ஆனால் அனுப்புவதற்கு முன் சரக்கு, வாடிக்கையாளர், பில் பட்டியல்களை வெளியே எடுத்துவிடுங்கள். அட்டை கொடுத்திருந்தால் பணம் எடுக்கும் ஏற்பாட்டையும் நீக்கிவிடுங்கள். எடுத்த கோப்பு சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்ப்பீர்கள். அப்போது பார்கோடு பத்தியில் மறுபடியும் 8.90E+12 என்று தெரியும். பதறாமல், சேமிக்காமல் மூடிவிடுங்கள். எண்கள் கோப்புக்குள் முழுதாகத்தான் இருக்கின்றன. அடுத்த முறை எக்ஸெலின் 'தரவு' பகுதி வழியாக, அந்தப் பத்தியை உரை என்று குறித்துத் திறந்தால் 13 இலக்கமும் அப்படியே வரும்.